பதினொரு மணிக்குக் கேட்கும் செட்: கிருமிநீக்கப் பிரிவுப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலோ, ஆபரேஷன் தியேட்டர்களுக்குப் பின்புறத்திலோ, பார்வையாளர் எவரும் எட்டிப் பாராத ஓர் அறையில், சஸ்திர சிகிச்சைக்குப் பயன்பட்ட கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பரிசோதித்து, பொதிந்து, நீராவிக்குள் அனுப்பி, மறுபடியும் தியேட்டருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு, அதே சி.எஸ்.எஸ்.டி. வேலையில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கையிலிருக்கும் வேலை ஷிஃப்டின் மணிக்கணக்கைத் தாண்டிவிட்ட ஒரு காலைவேளையில், தொலைபேசி மணி அடித்து, தியேட்டர் சிஸ்டர் ஒரு செட்டை இன்ன மணிக்குள் வேண்டும் என்று கேட்கும்போது நீங்கள் சொல்லும் பதில் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதே அந்த விஷயம்.

நான் பார்த்த அளவில் அதற்கு இரண்டு பதில்கள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "இதோ அனுப்பிடறோம் சிஸ்டர்" என்பது. மற்றது, "எங்களால ஆகாது, மிஷின் ரிப்பேர்" என்பது. முதலாவது கேட்பவருக்கு இதமாக இருந்து, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி சொல்லப்பட்டு, கடைசியில் மயக்கமருந்து கொடுக்கத் தயாராக நிற்கும் டாக்டருடைய கோபத்தில் போய் முடிகிறது. இரண்டாவது உண்மையாகவே இருந்தாலும், கேட்டவர் தம் வேலையை எப்படித் திருப்பி அமைத்துக்கொள்வது என்பதற்கு எந்தத் துணையும் செய்யாமல், வாசற்கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் பொதுவான குறை, பதில் சொல்கிறவரிடம் கணக்கு இல்லை என்பதுதான். ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

தியேட்டரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நம்முடைய வேலை என்பது ஆட்டோகிளேவின் வேலையாகத்தான் தோன்றுகிறது, 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிஷம் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று படித்த டாக்டர் ஒருவர், "நாலு நிமிஷ வேலைக்கு மூன்று மணி நேரமா?" என்று கேட்பதில் ஆச்சரியமில்லை. அந்த நான்கு நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. ரத்தம் படிந்த கருவியை முதலில் குளிர்ந்த நீரில்தான் அலசவேண்டும். வெந்நீரில் போட்டால் ரத்தத்திலுள்ள புரதம் வெந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நொதி கலந்த சோப்புநீரில் ஊறல், பிரஷ், அல்ட்ராசோனிக் தொட்டி, மறுபடி அலசல், உலர்த்தல். லேப்ராஸ்கோப்பிக் கருவிகளானால் நீண்ட குழாய்களைக் கழற்றி, உட்புறத்தை ஊசிப்பிரஷால் தேய்த்து, நீரைப் பீய்ச்சி, காற்றடித்து உலர்த்தவேண்டும். இதற்கே கைதேர்ந்த ஒருவருக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும். அதன்பின் கீல்களும் முனைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, எண்ணிக்கை சரிபார்த்து, உள்ளே இண்டிகேட்டர் வைத்து, இரட்டை உறையில் பொதிய இருபத்தைந்து நிமிஷம். நீராவியில் ஏற்றிய பிறகும், காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதும், சூடேற்றுவதும், அந்த நாலு நிமிஷமும், அதன்பின் இருபது முப்பது நிமிஷ உலர்த்தலும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மணி. வெளியே எடுத்தபின் ஆறுவதற்குக் குறைந்தது அரைமணி; தட்டு கனமாக இருந்தால் அதற்கும் மேல். வெற்றிட உறிஞ்சல் இல்லாத பழைய இயந்திரமானால் 121 டிகிரியில் முப்பது நிமிஷம் வைக்கவேண்டியிருப்பதால் கணக்கு இன்னும் நீளும்.

இதில் எது சுருங்கும், எது சுருங்காது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளாமல் யாரும் தொலைபேசியை எடுக்கலாகாது. கழுவுவது இன்னொரு கை கொடுத்தால் சிறிது சுருங்கும், பொதிவதும் அப்படியே. இயந்திரத்தின் சுற்று சுருங்காது. உலர்த்தலும் ஆறுதலும் சுருங்கவே சுருங்கா. ஆனால் துரதிருஷ்டவசமாக, அவசரம் என்று வந்துவிட்டால் எல்லாரும் கை வைக்கும் இடம் அவையிரண்டுதான். உலர்த்தல் முடியுமுன் கதவைத் திறந்தாலும், சூடான பொதியைக் குளிர்ந்த இரும்பு அலமாரியில் வைத்தாலும், உறைக்குள் நீராவி நீராகிவிடுகிறது; ஈரமான உறை, வெளியிலிருக்கும் கிருமியைத் தடுத்து நிறுத்துவதற்குப் பதிலாக, திரி எண்ணெயை இழுப்பதுபோல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்வதற்கில்லை. அந்தக் கோடு பொதி சூட்டுக்குள் போய்வந்தது என்பதைச் சொல்லுமேயொழிய, உள்ளே நீராவி எட்டியது என்பதையோ, பொதி உலர்ந்தது என்பதையோ சொல்லாது. உறையில் ஈரத்திட்டுத் தெரிந்தாலும், பிரித்தபோது தட்டின் மூலையில் ஒரு துளி நீர் நின்றாலும், அந்த செட் கிருமிநீக்கம் ஆகாத செட்தான், முதலிலிருந்து தொடங்கவேண்டும். பத்து நிமிஷம் மிச்சப்படுத்தப் போய் மூன்று மணி நேரம் இழந்த கதைகளை உங்களில் பலர் கண்கூடாகப் பார்த்திருப்பீர்கள்.

இப்பொழுது ஒரு காலைவேளையைச் சொல்கிறேன். நடுத்தரமான ஓர் ஆஸ்பத்திரியில், மேற்பார்வையாளராக இருந்த ஓர் அம்மையார் அன்று நடந்துகொண்ட விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஷிஃப்ட் காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை. அம்மையாரையும் சேர்த்து நான்கு பேர். இரண்டு ஆட்டோகிளேவ்களில் ஒன்று, கதவின் ரப்பர் வளையம் கிழிந்து நீராவி கசிந்ததால் முந்தைய மாலையிலிருந்து நின்றுபோயிருந்தது. மெக்கானிக் பிற்பகலில்தான் வருவார். மற்றதில் காலைச் சோதனையான போவி–டிக் சோதனை முடிந்து, முதல் லோடுகளும் போய்விட்டன. மணி ஒன்பதே முக்கால். பத்து மணி லோடாக இரண்டு பொது அறுவை செட்டுகளும் ஒரு சிசேரியன் செட்டும் ஏறத் தயாராக இருந்தன. அதற்குப்பின் காத்திருந்தவை: முதல் கேஸ் முடிந்து அப்போதுதான் தொட்டிக்கு வந்த லேப் செட், வேறு தியேட்டர்களிலிருந்து வந்த பொது செட்டுகள் ஒரு லோடு, வார்டுகளுக்கான டிரஸ்ஸிங், கவுன் பொதிகள் இரண்டு லோடு, எலும்புமுறிவுப் பிரிவுக்காக வெளிக் கம்பெனி கொண்டுவந்து இறக்கிய மூன்று கனமான தட்டுகள் ஒரு லோடு. ஆக ஆறு லோடு. ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு லோடுக்கு ஒரு மணி ஐந்து நிமிஷம்; பத்து மணிக்குத் தொடங்கினால் நான்காவது லோடே ஷிஃப்ட் முடிவைச் சற்றுத் தாண்டித்தான் வெளிவரும். இந்தக் கணக்கை அம்மையார் மனத்தில் வைத்திருக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில், லோடு ஏறும் மணியையும், அதில் போகும் பொருளையும், ஆறி முடியும் மணியையும் எழுதி வைத்திருந்தார்.

அப்போது தொலைபேசி வந்தது.

"லேப் செட்டைப் பதினொன்றுக்குள்ளே கொடுத்துடுங்கம்மா, அடுத்த பேஷண்ட் ரெடியா இருக்காங்க."

"சிஸ்டர், செட் இப்பதான் தொட்டிக்கு வந்திருக்கு. பதினொன்றுக்கு வராது. பன்னிரண்டே முக்காலுக்கு உங்க கையிலே இருக்கும். அது போகட்டும், லிஸ்ட்டுல அதுக்கு அடுத்த கேஸ் என்ன?"

"ஹெர்னியா. ஓப்பனாப் பண்றது."

"அந்த செட் நம்ம அலமாரியிலேயே இருக்கு, இப்பவே அனுப்பறேன். ஹெர்னியாவை முன்னாடி எடுத்துக்கிட்டா, அது முடியறதுக்கும் லேப் செட் ஆறி வர்றதுக்கும் சரியா இருக்கும். சார்கிட்ட நீங்க கேக்கறீங்களா, நான் பேசட்டுமா?"

"அனஸ்தீசியா சாரும் சம்மதிக்கணுமே."

"கேட்டுட்டு சொல்லுங்க. பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன்."

இந்தச் சம்பாஷணை ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. ஆனால் இதில் நடந்தவற்றை நிதானமாகக் கவனிக்கவேண்டும். "ஆகாது" என்பதை அம்மையார் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் அந்த மூச்சிலேயே ஆகக்கூடிய நேரத்தையும் சொன்னார். கழுவுதல் பத்தே முக்கால் வரை, பொதிதல் பதினொன்றே கால் வரை என்று ஒருவர் கையால் இழுக்கக்கூடிய வேலையை, இரண்டாவது ஆளையும் கழுவலில் இறக்கினால் பதினொன்று ஐந்து லோடுக்குத் தயாராக்கலாம், பன்னிரண்டு ஐந்துக்கு வெளியே வரும், முப்பத்தைந்துக்கு ஆறிவிடும் என்று பலகையைப் பார்த்துக் கணக்கிட்டு, மேலே பத்து நிமிஷம் சேர்த்துத்தான் பன்னிரண்டே முக்கால் என்றார். அந்தப் பத்து நிமிஷத்தை அநாவசியம் என்று நினைக்காதீர்கள். லிஃப்ட் வராமல் நிற்பதும், தட்டைக் கொண்டுபோகும் ஆயா வேறு வார்டில் இருப்பதும் தினசரி நடப்பவை. ஆனால் அதையே ஒரு மணி நேரமாக ஊதிச் சொன்னால், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் எந்த மணியையும் தியேட்டர் நம்பாது, அவர்களும் தங்கள் பங்குக்கு ஒரு மணி முன்னதாகக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்று, அம்மையார் கேட்ட கேள்வி. சிஸ்டர் கேட்டது செட்டை; அவருக்கு வேண்டியிருந்ததோ, பதினொரு மணிக்கு மேசை காலியாக நிற்கக்கூடாது என்பது. கேட்கப்படுவதும் வேண்டியிருப்பதும் ஒன்றல்லவென்று அறிந்தவர்களுக்குத்தான் பேரம் பேச இடம் கிடைக்கும். சில சமயம் "ஜெனரல் செட் இன்னொன்று உடனே" என்று அவசரக் குரல் வரும். விசாரித்தால், ஓர் ஊசிபிடிப்பான் கீழே விழுந்துவிட்டது என்பதே சங்கதியாக இருக்கும். தனித்தனியாகப் பையிலிட்டுக் கிருமிநீக்கிய நாலைந்து கருவிகளை எப்போதும் அலமாரியில் வைத்திருக்கும் பிரிவு, அந்தக் கோரிக்கையை மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக மூன்று நிமிஷத்தில் தீர்த்துவைக்கும்.

பத்து நிமிஷத்தில் அம்மையார் சொன்னபடி தாமே கூப்பிட்டார். ஹெர்னியா நோயாளிக்கும் மயக்கமருந்துப் பரிசோதனை முடிந்து, பட்டினியாகவே இருந்ததால் வரிசை மாறியது. பதினொன்று ஐந்துக்கு லோடு ஏறிக் கதவு பூட்டியதும் மறுபடி ஒருமுறை, "ஏத்திட்டோம் சிஸ்டர், சொன்ன டைம்தான்" என்று தெரிவித்தார். இந்த இரண்டாவது அழைப்பைத்தான் நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்துகிறேன். லோடுக்குக் கதவு பூட்டும் கணத்தில் செட் எப்போது வரும் என்பது ஏறக்குறைய நிச்சயமாகிவிடுகிறது. அதற்கு முன்னால் தாமதமாகியிருந்தால், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே தியேட்டருக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டே முக்காலுக்குச் சொல்லப்படும் தாமதமும், பதினொன்றேகாலுக்குச் சொல்லப்படும் தாமதமும் நிமிஷக்கணக்கில் ஒன்றாக இருந்தாலும், முன்னது மேசையில் படுத்துவிட்ட நோயாளியைப் பாதிக்கிறது, பின்னது லிஸ்ட்டில் ஒரு திருத்தத்தோடு முடிந்துவிடுகிறது.

எலும்புமுறிவுப் பிரிவின் தட்டுகள் விஷயம் இவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு, இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டிக்குத் தகடு வைப்பதாக இருந்தது. அதற்கான தட்டுகளைக் கம்பெனிக்காரர் அன்று காலை ஒன்பதரைக்குத்தான் கொண்டுவந்திருந்தார். வெளியிலிருந்து வரும் தட்டு பார்வைக்கு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வேறெங்கோ ஒரு நோயாளியிடம் பயன்பட்டு வந்ததாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாணியையும் முதலிலிருந்து கழுவியாகவேண்டும். அதோடு, உடலுக்குள்ளேயே தங்கிவிடப்போகும் பொருள் இருக்கும் லோடை, கிருமிவித்துச் சோதனையின் முடிவு வரும்வரை வெளியே விடலாகாது. அந்த ஆஸ்பத்திரியில் இருந்த துரித ரகச் சோதனைக்கே மூன்று மணி நேரம் ஆகும். பன்னிரண்டு பத்துக்கு ஏற்றினாலும் ஒன்று பத்துக்கு வெளியே வந்து, நாலேகாலுக்குத்தான் முடிவு தெரியும். அந்த நேரத்தில் தியேட்டர் அவசர கேஸ்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலைமையில், காரணத்தை எழுதிவைத்து, டாக்டர் பொறுப்பேற்று, முடிவு வருமுன் லோடை விடுவதற்கு வழியுண்டு. முன்கூட்டித் தேதி குறித்த சிகிச்சைக்கு அந்த வழி கிடையாது.

அம்மையார் இதைப் பத்து மணிக்கே எலும்புமுறிவு டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னார். டாக்டர் கோபித்துக்கொண்டது உண்மை. "நீங்க சொல்றதுக்காக கேஸைத் தள்ளிவைக்கணுமா?" என்றார். அம்மையார் குரலை உயர்த்தாமல், கையில் எழுதிக்கொண்டுபோன நேரக்கணக்கை மேசையில் வைத்து, "சார், நாளைக்குக் காலைல முதல் கேஸுக்கு எல்லாத் தட்டும் ரிசல்ட்டோட ரெடியா இருக்கும். இப்பவே முடிவு சொன்னீங்கன்னா அந்தப் பாட்டிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாம்; ராத்திரி சாப்பிட்டதோட இருக்காங்க" என்றார். டாக்டர் சிறிது நேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போன் செய்தார். பத்தரை மணிக்குப் பாட்டி இட்லி சாப்பிட்டுவிட்டார்.

நண்பர்களே, நாம் சொல்லும் மணி யாருடைய வயிற்றில் போய் விழுகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. சஸ்திர சிகிச்சைக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து திட உணவு கூடாது என்பது விதி; நடைமுறையில் இரவு உணவோடு நிறுத்திவிடுகிறார்கள். "இதோ வந்துடும்" என்று இரண்டு மணிவரை இழுத்து, பிறகு இல்லை என்று கைவிரித்தால், சர்க்கரை வியாதியும் முதுமையும் உள்ள ஒரு மனுஷி பதினெட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு படுத்துக் கிடந்து, மறுநாளும் அதே பட்டினியை மறுபடி தொடங்கவேண்டியிருக்கும். சீக்கிரம் சொல்லப்படும் "ஆகாது" என்பதில் கருணையும் இருக்கிறது என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

இரண்டு தியேட்டர்கள் ஒரே லோடுக்குப் போட்டியிடும்போது யாருக்கு முதலிடம் என்று நீங்களாகத் தீர்மானிக்கவேண்டாம். அதிகமாகச் சத்தம் போடுகிறவருக்கோ, நமக்கு வேண்டியவருக்கோ முதலில் கொடுக்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பமாகிறது. எந்த நோயாளி முதலில் என்பது வைத்திய சம்பந்தமான கேள்வி. அதைத் தீர்க்கத் தியேட்டர் பொறுப்பாளரோ, மயக்கமருந்துப் பிரிவின் மூத்த டாக்டரோ இருக்கிறார். அவரிடம், "பதினொன்று ஐந்து லோடில் ஒரு செட்டுக்குத்தான் இடம் இருக்கிறது, மற்றது ஒரு மணி ஐந்து நிமிஷம் தள்ளிப்போகும்" என்று இடத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்துவிட்டு, அவர் சொல்வதைப் பலகையில் அவர் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பொருளை மட்டும் எந்தப் பேரத்திலும் சேர்க்காதீர்கள்: அவசரச் சிசேரியனுக்கான ஒரு செட் எப்போதும் அலமாரியில் இருக்கவேண்டும், அது கணக்கிலேயே இல்லாத செட்.

பொதியாமல் சுருக்கச் சுற்றில் போட்டு உடனே எடுத்துத் தாருங்கள் என்று சிலர் கேட்பார்கள். சிகிச்சையின் நடுவில், மாற்று இல்லாத ஒரு கருவி கீழே விழுந்துவிட்டால் அதற்கு அனுமதி உண்டு. அப்போதும் கழுவாமல் போடக்கூடாது, மூடிய பெட்டியில் கொண்டுபோய் அப்போதே பயன்படுத்திவிடவேண்டும், எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. லிஸ்ட் நெருக்கமாக இருக்கிறது என்பது அதற்குக் காரணமாகாது. உடலுக்குள் பதிக்கும் பொருளுக்கு அந்த வழி அறவே கூடாது. இப்படிக் கேட்கிறவரிடம் விதியை மட்டும் ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், முறையான சுற்றில் போட்டால் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதையும் கூடவே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது விதிவிலக்கை அல்ல, நிச்சயமான ஒரு மணியைத்தான்.

அன்று தள்ளிப்போன இரண்டு லோடு துணிப்பொதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வார்டுகளுக்குப் போன் செய்து இரவு வரைக்கும் கையிருப்பு உண்டா என்று கேட்டபிறகே அம்மையார் அவற்றை மாலை ஷிஃப்டுக்கு விட்டார். விடும்போது, எந்த வார்டுக்கு எத்தனை மணிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்பதை ஒப்படைப்பு நோட்டில் எழுதி, மாலைப் பொறுப்பாளரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். தாம் வீட்டுக்குப் போனபின் இன்னொருவர் நிறைவேற்றவேண்டிய வாக்கை, அவருக்குத் தெரியாமல் கொடுப்பது நியாயமல்ல என்பது அவருடைய அபிப்பிராயம், என்னுடையதும் அதுவே. கம்பெனித் தட்டுகள் சிகிச்சைக்கு முந்தைய நாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் வந்து சேரவேண்டும் என்று எலும்புமுறிவுப் பிரிவுக்கு ஒரு கடிதத்தையும் அன்றே எழுதினார்; அதன் கீழே அந்த டாக்டரே கையெழுத்திட்டுக் கொடுத்தார். உங்கள் பிரிவில் அப்படியொரு கடிதம் இன்னும் இல்லையானால், இந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெள்ளைப் பலகை இல்லையானால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாக இருந்த
ஓய்வுபெற்ற மேற்பார்வையாளன்